ஊர்ப்பெயர் மட்டும் சொன்னால் போதுமா?
(சம்மேத சிகர்ஜி யாத்திரையை முன்வைத்து ஆற்றிய உரை)

 

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் வழக்கமாகக் கேட்கும் சொல் ஒன்று உண்டு. செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் பெரியவர் ஒருவர், சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மகனைத் தொலைபேசியில் அழைக்கிறார். நலம் விசாரித்து முடித்தபின், "தம்பி, ஒருதரம் சிகர்ஜிக்குப் போய்வரணும். நீ ஏற்பாடு பண்ணு" என்கிறார். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த மாதம் என்று அவர் சொல்லவில்லை. யார் யார் வருகிறார்கள், எவ்வளவு செலவழிக்கலாம், சிகர்ஜி மட்டுந்தானா அல்லது பாவாபுரியும் சேர்த்தா என்பன ஒன்றும் சொல்லப்படவில்லை. கையில் இருப்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமே.

இந்த நிலையில் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்கின்றனர். முதல் வழி, கேள்விப் பட்டியல் ஒன்றை நீட்டுவது. எப்போது, எத்தனை பேர், எந்த வகுப்பு, எவ்வளவு பணம், எத்தனை நாள், எங்கே தங்குவது என்று அடுக்கடுக்காகக் கேட்டால், பெரியவர் அவற்றை ஏற்பாட்டுக்கான விவரங்களாகக் கொள்வதில்லை. 'பையனுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோம்' என்றே எடுத்துக்கொள்கிறார். "சரிப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார். அந்த 'அப்புறம்' பல வீடுகளில் வராமலே போகிறது. இரண்டாவது வழி, ஒன்றும் கேளாமல் தன் வசதிக்கு ஏற்ப எல்லாவற்றையும் நிரப்பிவிடுவது. தனக்கு விடுப்புக் கிடைக்கும் வாரம், தனக்குப் பிடித்த வண்டி, தன் கால்களின் வலிமை ஆகியவற்றை அளவாகக் கொண்டு சீட்டு வாங்கிவிடுகிறான். இதன் விளைவு மலையின்மேல் தெரியவருகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கேட்பவரிடம் கேட்பதற்கு முன்பு அந்த ஊரையே கேட்பதுதான் அது. ஓர் ஊரின் பெயர் வெறும் பெயர் அன்று. அது பல செய்திகளைத் தானே முடிவு செய்துவிடுகிறது. ஊர் முடிவு செய்தவற்றை முதலில் ஒதுக்கிவிட்டால், மனிதரிடம் கேட்கவேண்டியவை ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். சிகர்ஜியைக் கொண்டே இதனைப் பார்க்கலாம்.

சம்மேத சிகரம் ஜார்க்கண்ட் மாநிலம் கிரிடிஹ் மாவட்டத்தில் உள்ளது. இருபத்து நான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் முக்தி அடைந்த மலை அது. உயரம் 1,350 மீட்டருக்கு மேல். அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மலையும் அதுவே. மலையடிவாரத்து ஊர் மதுவனம். தர்மசாலைகளும் கோயில்களும் உணவுச்சாலைகளும் அங்கேதான் உள்ளன. அருகிலுள்ள இரயில் நிலையம் பாரஸ்நாத். ஹவுராவிலிருந்து கயா வழியாகத் தில்லி செல்லும் முதன்மைப் பாதையில் அந்நிலையம் அமைந்துள்ளது. நிலையத்திலிருந்து மதுவனத்துக்கு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம்.

இனி மலைக்கு வருவோம். வந்தனைப் பாதையின் முழு நீளம் 27 கிலோமீட்டர் என்பது அங்கே வழங்கும் கணக்கு. ஏறுவது ஒன்பது, மேலே டோங்க் எனப்படும் பாதக்கோயில்களைச் சுற்றி வருவது ஒன்பது, இறங்குவது ஒன்பது. மேலே சென்றவுடன் வந்தனை முடிந்துவிடுவதில்லை. சந்திரப்பிரபருடைய டோங்க் ஒரு கோடியில் தள்ளி நிற்கிறது. எல்லாவற்றினும் உயரத்தில் உள்ள பார்சுவநாதருடைய டோங்க் மறுகோடியில் இருக்கிறது. ஆகவே ஏறி முடித்த களைப்போடு மீண்டும் ஏற்றமும் இறக்கமுமாக ஒன்பது கிலோமீட்டர் நடந்தாக வேண்டும்.

நல்ல நடையுள்ளவர் ஒவ்வொரு பாதத்தின் முன்னும் நின்று வணங்கிச் சென்றால், முழு வந்தனைக்கு ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இதனாலேயே யாத்திரிகர்கள் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கே கைவிளக்குடன் புறப்படுகின்றனர். மூன்று மணிக்குப் புறப்பட்டவர் நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே கீழே வந்துசேர்வார்.

இங்கே தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. சிகர்ஜி சென்னைக்குக் கிழக்கேயும் வடக்கேயும் மிகத் தள்ளி இருக்கிறது. கடிகாரம் எங்கும் ஒன்றுதான். கதிரவன் மறையும் நேரம் ஒன்றன்று. டிசம்பர் இறுதியில் சென்னையில் ஏறத்தாழ 5.50-க்குக் கதிரவன் மறைகிறான். மதுவனத்திலோ 5.05-க்கெல்லாம் மறைந்துவிடுகிறான். இரவு உண்ணா நோன்பைக் கடைப்பிடிப்பவர்க்கு இந்த முக்கால் மணி நேரம் சிறிய வேறுபாடு அன்று. மலையில் உண்பதில்லை என்னும் உறுதியோடு ஏறியவர், விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால், மாலை ஐந்து மணிக்கு இறங்குவார். கைகால் கழுவி உட்காருமுன் பொழுது போய்விடும். அன்றைய உணவு இல்லை. உடல்நலம் உள்ளவர்க்கு அது ஒருநாள் உபவாசம். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்க்கோ அது ஆபத்து. பிப்ரவரி நடுவில் அதே மதுவனத்தில் 5.40-க்கு மேல்தான் பொழுது சாய்கிறது. மாதம் மாறினால் மலைநாளின் முழுக் கணக்கும் மாறும் என்பதற்கு இது ஒரு சான்று.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், எத்தனை நாள் என்ற கேள்வியைப் பெரியவரிடம் கேட்கவே வேண்டியதில்லை. மலைக்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். வந்த களைப்பு ஆற முதல்நாள் ஓய்வு வேண்டும். இறங்கிய மறுநாள் காலில் பிடிப்பும் வலியும் இருக்கும். அன்று இரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்குவது மலையினும் கடினம். ஆதலின் மறுநாளும் ஓய்வு வேண்டும். சென்னையிலிருந்து ஹவுரா வரை இரயில் பயணம் ஏறத்தாழ 27 மணி நேரம். அங்கே ஓரிரவு தங்கி, மறுநாள் சுமார் 300 கிலோமீட்டர் சென்று பாரஸ்நாத்தில் இறங்கவேண்டும். திரும்புவதும் அவ்வாறே. முதல்நாள் மாலை வண்டியேறுவது. இரண்டாம் நாள் இரயிலில். மூன்றாம் நாள் மதுவனம் சேர்வது. நான்காம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் மலை. ஆறாம் நாள் ஓய்வு. ஏழாம் நாள் ஹவுராவுக்குத் திரும்புவது. எட்டு, ஒன்பதாம் நாள்களில் சென்னைப் பயணம். பத்தாம் நாள் வீடு. பத்து நாள் என்பதை ஊரும் வழியும் சேர்ந்து சொல்லிவிட்டன.

ஒரு திட்டம் சரியா தவறா என்று ஒரே பார்வையில் அறிய இங்கே ஓர் அளவுகோலும் கிடைக்கிறது. மலைநாளுக்கு முந்தைய இரவிலோ மலையிலிருந்து இறங்கிய இரவிலோ இரயில் பயணம் இருக்குமானால், அத்திட்டம் காகிதத்தில் மட்டுமே நடக்கும். நள்ளிரவில் பாரஸ்நாத்தில் இறங்கி, மூன்று மணிக்கு மலையேறி, அன்று மாலையே திரும்பும் வண்டியைப் பிடிப்பதாகப் போடும் திட்டங்கள் உண்டு. வண்டி மூன்று மணி நேரம் தாமதமானாலே வந்தனை பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது காலம். இதிலும் ஊர் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் கடுமை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழை; பாதை வழுக்கும், மேலே மேகம் மூடும். பார்சுவநாதர் முக்தி அடைந்த நாளாகிய மோட்ச சப்தமி சிராவண மாதத்து வளர்பிறையில் வருவதால், அம்மழைக்காலத்திலேயே பெருங்கூட்டமும் கூடும். தீபாவளியிலிருந்து அதனை அடுத்துவரும் சட் பூஜை வரை பீகார், ஜார்க்கண்ட் செல்லும் வண்டிகளில் இடம் கிடைப்பது அரிது. ஹோலியை ஒட்டிய நாள்களும் அப்படியே. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை வட இந்தியாவில் மூடுபனி. தில்லிப் பக்கமிருந்து வரும் வண்டிகள் பல மணி நேரம் தாமதிக்கும். இவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுபவை இரண்டே இடைவெளிகள்: சட் பூஜை முடிந்ததிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஹோலிக்கு முன்வரை. ஆகவே 'எப்போது போகலாம்?' என்று கேட்பதை விட்டு, 'கார்த்திகையா, மாசியா?' என்று கேட்டால் போதும். பன்னிரண்டு மாதங்களை முன்வைத்தால் திகைப்பவர், இரண்டை வைத்தால் ஒன்றைத் தொட்டுவிடுவார்.

செலவைப் பற்றி உறவினரிடம் நேராகக் கேட்பது நம் குடும்பங்களில் நாகரிகமாகக் கொள்ளப்படுவதில்லை. 'எவ்வளவு செலவழிப்பீர்கள்?' என்று பெரியப்பாவிடம் மகன் முறையுள்ளவன் கேட்டால், குறைத்துச் சொல்லவும் அவர் கூசுவார், கூட்டிச் சொல்லவும் தயங்குவார். கேட்கவும் வேண்டியதில்லை. இந்த யாத்திரையில் செலவைப் பெரிதும் ஏற்றி இறக்குபவை மூன்றே: இரயிலா விமானமா, மலையில் டோலியா நடையா, தர்மசாலையில் எந்த வகை அறை. உணவும் உள்ளூர் வண்டியும் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியவை. ஆதலின், இரயிலில் மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனம், எளிய அறை, தேவைப்படுவோர்க்கு மட்டும் டோலி என்று ஓர் ஏற்பாடு. கொல்கத்தா வரை விமானம், குளிர்சாதன அறை என்று மற்றோர் ஏற்பாடு. இரண்டுக்கும் அன்றைய கட்டணத்தைக் கேட்டறிந்து, கூட்டுத்தொகையோடு அருகருகே எழுதிக் காட்டினால், பெரியவர் விரல் ஒன்றைச் சுட்டும். அவர் மனத்திலிருந்த தொகை அப்போதே தெரிந்துவிடும்.

விருப்பம் என்பதில் மட்டும் ஒரு மறைவு இருக்கிறது. பெரியவர்கள் 'சிகர்ஜி' என்று சொல்லும்போது சில வேளை அந்த மலையை மட்டும் கருதுவதில்லை. மகாவீரர் முக்தி பெற்ற பாவாபுரி, இராஜகிருகம், வாசுபூஜ்யருடைய சம்பாபுரி யாவும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கும். பாவாபுரியும் இராஜகிருகமும் பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் அடுத்தடுத்து உள்ளவை. பாரஸ்நாத்திலிருந்து கயா வரை அதே இரயில் பாதையில் சுமார் 150 கிலோமீட்டர் சென்று, அங்கிருந்து சாலை வழியே போகலாம். சம்பாபுரியோ பாகல்பூரை அடுத்தது, வேறு திசை. எனவே முதல் இரண்டையும் சேர்த்தால் மூன்று நாள் கூடும். மூன்றையும் சேர்த்தால் அது வேறொரு யாத்திரையே ஆகிவிடும். கேட்டவர் சொல்லாத நிலையில் மலையை மட்டும் வைத்துத் திட்டமிடுவதே சரி. ஆனால் 'பாவாபுரி இதில் இல்லை' என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் விட்டால், ஹவுராவுக்குத் திரும்பும் வண்டியில் அமர்ந்தபின் "ஜலமந்திர் எப்போ பார்க்கிறோம்?" என்று பெரியம்மா கேட்பார்.

இப்போது எஞ்சியிருப்பது ஒன்றே: யார் வருகிறார்கள்? இதை ஊர் சொல்லாது, மனிதர்தான் சொல்லவேண்டும். இதுவே மற்ற எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடிய கேள்வி. ஆனால் 'எத்தனை பேர்?' என்று கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். தேவை எண்ணிக்கை அன்று. 27 கிலோமீட்டர் நடக்க இயலாதவர் யார், நேரத்துக்கு உணவும் மருந்தும் வேண்டியவர் யார் என்பவையே தெரியவேண்டும். 'முழங்கால் எப்படி இருக்கிறது?' என்றால் எந்தப் பெரியவரும் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றே சொல்வார். சிகர்ஜி ஆசையில் வலியை மறைப்பது இயல்பு. எனவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். 'பொன்னூர் மலைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? ஏறும்போது எத்தனை இடத்தில் உட்கார்ந்தீர்கள்? மறுநாள் எப்படி இருந்தது?' என்று கேட்டால் மெய் வெளிவரும். குந்தகுந்தர் பாதம் உள்ள பொன்னூர் மலை வந்தவாசிப் பகுதிக் குடும்பங்களுக்குப் பழகிய ஏற்றம். சிகர்ஜியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. அங்கே இரண்டு முறை உட்கார்ந்தவருக்கு இங்கே டோலி இன்றியமையாதது. அங்கே ஏறாமல் அடிவாரத்திலேயே இருந்துவிட்டவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இவற்றை மனத்தில் வைத்து, முதலில் கண்ட அந்த இளைஞன் மறுநாள் பெரியப்பாவுக்கு எவ்வாறு விடை சொல்லலாம் என்று பார்ப்போம்.

"பெரியப்பா, சிகர்ஜிக்கு ஒரு கணக்குப் போட்டிருக்கேன். நீங்களும் பெரியம்மாவும், துணைக்கு அண்ணனும்னு வெச்சிருக்கேன். பிப்ரவரி நடுவுல, வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பப் பத்து நாள். போகவர இரயில். மலைக்கு ஒரு நாள். முன்னால ஒரு நாள், பின்னால ஒரு நாள் ஓய்வு. பெரியம்மாவுக்கு டோலி. பாவாபுரி இதுல சேர்க்கலை. இதுல எது சரியில்லைன்னு சொல்லுங்க."

இவ்விடையில் கவனிக்கத்தக்கது கடைசி வாக்கியம். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அவன் கேட்கவில்லை, 'எது சரியில்லை?' என்று கேட்கிறான். வெறுந்தாளில் தமக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்க எல்லாராலும் இயலாது. எழுதிய தாளில் பிழை காட்டுவது எல்லார்க்கும் எளிது. தான் எதையெல்லாம் ஊகித்துக்கொண்டான் என்பதையும் அவன் மறைக்கவில்லை. யார், எப்போது, எப்படி, எது இல்லை என நான்கும் வெளியே கிடக்கின்றன. ஊகம் மறைந்திருந்தால்தான் தீங்கு. வெளிப்பட்டுவிட்டால் அதுவே கேள்வியின் வேலையைச் செய்யும்.

பெரியவர் பிழைகளைக் காட்டத் தொடங்குகிறார். "பிப்ரவரின்னா காஞ்சிபுரத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே? அவங்க நாலு பேரும் வரணும்னு உங்க பெரியம்மா சொல்றா." கேட்காமலே புதிய செய்தி வந்துவிட்டது. பயணிகள் மூவரல்லர், மகள் குடும்பத்தையும் சேர்த்து எழுவர். காலம் பிப்ரவரி அன்று, அரையாண்டு விடுமுறை.

இப்போது இளைஞன் மீண்டும் கணக்கிடவேண்டும். அரையாண்டு விடுமுறை டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ ஒன்பது நாள். இரயில் திட்டத்துக்கு வேண்டியது பத்து நாள். மூடுபனிக் காலமாதலால் தாமதத்துக்கு மேலும் ஒரு நாள் கூட்டவேண்டும். ஆகவே இரயில் பொருந்தாது. கொல்கத்தாவுக்கு விமானத்தில் சென்றால் முதல்நாள் கொல்கத்தா, இரண்டாம் நாள் மதுவனம், மூன்றாம் நாள் ஓய்வு, நான்காம் நாள் மலை, ஐந்தாம் நாள் ஓய்வு, ஆறாம் நாள் கொல்கத்தா, ஏழாம் நாள் பனித் தாமதத்துக்காக விட்டுவைத்த நாள், எட்டாம் நாள் சென்னை என்று அடங்கிவிடும். ஆனால் எழுவருக்கு விமானக் கட்டணம். அதனோடு, மலைமேல் பின்னிரவுக் குளிரும் 5.05-க்கு மறையும் பொழுதும் சேரும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்வி இங்கேதான் தன் முழுக் கனத்தோடு வருகிறது. அவர் டோலியில் செல்வாராயினும், உணவும் மருந்தும் எந்த நேரத்தில் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் இளைஞன் பெரியப்பாவின்முன் வைக்கிறான். பிப்ரவரியில் பெரியவர்கள் மட்டும், இரயிலில். அல்லது டிசம்பரில் எல்லாரும், விமானத்தில். எதை விட்டு எதைப் பெறுவது என்பது அவன் முடிவு செய்யவேண்டியது அன்று. பணமும் அவருடையது, முழங்காலும் அவருடையது, பேரப்பிள்ளைகளோடு மலைகாண வேண்டும் என்ற ஆசையும் பெரியம்மாவுடையது. திட்டமிடுபவனுடைய கடமை, விலையை மறைக்காமல் சொல்வதோடு முடிகிறது.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் அழைக்கிறார். "பிள்ளைங்க வளர்ந்து தாங்களே போவாங்கப்பா. எங்க கால் அதுவரைக்கும் காத்திருக்காது. பிப்ரவரியே போடு. நீயும் கூட வா." பெரியவர்கள் இருவர், மகன், தம்பி மகன் என நால்வர் ஆயினர்.

அடுத்தது பயணச்சீட்டு. இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. பிப்ரவரி நடுவில் புறப்படுவதானால் டிசம்பர் நடுவில் சீட்டுப் பதிவாகவேண்டும். அதுவே பெரியவர் மனத்தை மாற்றிக்கொள்வதற்கும் கடைசி நாள். நால்வருக்கும் ஒரே சீட்டாக வாங்குவதே எளிது என்று தோன்றும். ஆனால் அது தவறு. கீழ்ப்படுக்கைக்கென மூத்தோர்க்கு ஓர் ஒதுக்கீடு உண்டு. அறுபது வயது நிரம்பிய ஆடவரும் நாற்பத்தைந்து நிரம்பிய மகளிரும் அதற்கு உரியவர். ஆனால் அவர்கள் தனியாகவோ, அத்தகையோர் இருவராகவோ ஒரு சீட்டில் பயணம் செய்தால்தான் அது செல்லும். இளையோரையும் அதே சீட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைப்பதில்லை. ஆகவே பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு சீட்டு. இளைஞர் இருவருக்கும் மற்றொன்று. வெவ்வேறு பெட்டியில் இடம் விழ நேரலாம். அவ்வாறாயின் இளைஞருள் ஒருவர் பக்கத்துப் பயணியிடம் கேட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம். மேற்படுக்கையில் ஏறமுடியாத பெரியம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை தேடி அலைவதை விட அது எளிது. உடன் வருபவர் யார் என்ற விவரம் சீட்டின் வடிவத்தைக்கூட மாற்றிவிடுகிறது.

மதுவனத்தில் நான்காம் நாளாகிய ஓய்வுநாளில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. டோலியை அன்று பகலிலேயே பேசி முடிக்கவேண்டும். அமர்பவரின் எடையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஏறுவதற்கு மட்டுமா, எல்லா டோங்குகளுக்கும் சேர்த்துத் திரும்ப இறக்கிவிடுவது வரையா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்காலை வருத்துவது இறக்கமே. 'ஏற மட்டும் டோலி, இறங்கும்போது நடந்துவிடலாம்' என்று செலவைக் குறைக்க எண்ணுவோர், ஒன்பது கிலோமீட்டர் இறக்கத்தில் பாதிவழியில் உட்கார்ந்துவிட நேரும். அங்கே வேறு டோலி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரியப்பா நடந்தே வருவேன் என்று சொன்னாலும், பொன்னூர் மலையில் அவர் எத்தனை முறை உட்கார்ந்தார் என்பதை நினைவுகூர்ந்து, அவருக்கும் சேர்த்துப் பேசிவைப்பது நல்லது.

மலைநாளில் நால்வரும் பின்னிரவு மூன்று மணிக்குப் புறப்படுகின்றனர். டோலி முன்னே செல்லும். நடப்பவர் பின்னே வருவர். எங்கே சந்திப்பது என்பதை அடிவாரத்திலேயே பேசிக்கொள்ளவேண்டும். மேலே முதலில் எதிர்ப்படும் கௌதமசுவாமி டோங்க் அதற்கு ஏற்ற இடம். பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கிவிட்டால், பொழுது சாய இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். உணவுச்சாலையில் அமைதியாக உண்டு எழலாம். மறுநாள் முழு ஓய்வு. அதன்பின் ஹவுரா, பிறகு சென்னை.

தொடக்கத்தில் கையில் இருந்தது ஓர் ஊரின் பெயர் மட்டுமே. நாளின் எண்ணிக்கையை அந்த ஊர் சொல்லிற்று. பன்னிரண்டு மாதங்களை அது இரண்டு இடைவெளிகளாகக் குறைத்தது. செலவை இரண்டு கூட்டுத்தொகைகள் வெளிப்படுத்தின. கேட்கவேண்டியதாய் நின்றது, யாருடைய கால்கள், யாருடைய மருந்து என்பது மட்டுமே. அதையும் பொன்னூர் மலையைக் கொண்டு கேட்டால் மெய்யான விடை கிடைத்தது.

இன்றிரவு இவ்வவையிலிருந்து வீடு திரும்பும் இளைஞர்களுள் யாரேனும் ஒருவரிடம், "சிகர்ஜிக்குப் போகணும்" என்று வீட்டுப் பெரியவர் முன்பே சொல்லியிருக்கக்கூடும். அவர் மீண்டும் ஒருமுறை சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நான்கு வரியில் ஒரு கணக்கை எழுதி, எது சரியில்லை என்று அவரையே கேளுங்கள். டிசம்பர் நடுவில் முன்பதிவு தொடங்குகிறது.